அம்மா கையெழுத்து வேணுமா?

எங்கள் தளத்தில் வாசகர் கேள்விகளுக்கென ஒரு பெட்டி இருக்கிறது. அதில் பெயர் கேட்பதில்லை, போன் நம்பர் கேட்பதில்லை, மெயில் ஐடியும் கேட்பதில்லை. ஒரே ஒரு கட்டம். எழுதி, 'அனுப்பு' என்று தட்டினால் எங்களுக்கு வந்துவிடும். வீட்டுக்குத் தெரியாமல் கேட்க விரும்புகிறவர்களுக்காகவே அப்படி வைத்திருக்கிறோம். அதனால் மனம்விட்டு எழுதுகிறார்கள். ஆனால் 'நீங்க என்ன கேக்கறீங்க?' என்று திருப்பிக் கேட்க எங்களுக்கு வழியே கிடையாது. பதிலை இந்தப் பகுதியில் போடுவோம். கேட்டவர் கண்ணில் பட்டால் உண்டு.

சில வாரங்களுக்கு முன் வந்த ஒரு கேள்வி இது. வந்தபடியே தருகிறேன்.

'வணக்கம். அப்பா பேர்ல இருக்கற வீட்டை என் பேருக்கு மாத்தணும். தம்பிக்கு ஆட்சேபணை இல்ல, எழுதி தரேன்னு சொல்றான். அம்மா கையெழுத்து வேணுமா. எவ்ளோ ஆகும்.'

பார்த்ததும் சுலபமான கேள்வி என்றுதான் நினைத்தேன். சொத்து விவகாரம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனில் பேசி, அரை மணி நேரத்தில் பதிலை எழுதிவிட்டேன். 'அப்பா உங்கள் பெயருக்கு தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம். அது அவர் சொந்தமாக வாங்கிய வீடு என்றால் அவர் கையெழுத்து போதும். அம்மா கையெழுத்து தேவையில்லை, தம்பியும் எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை.' சட்டப்படி இதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

டெஸ்க்கில் சீனியர் அக்கா அதைப் படித்துவிட்டு, "அப்பா இருக்காரா?" என்றார்.

"யாரோட அப்பா?"

"கேட்டவங்க அப்பாதான். இருக்காருன்னு உனக்கு யார் சொன்னா?"

கேள்வியைத் திரும்பப் படித்தேன். யாரும் சொல்லவில்லை. என் அப்பா இருக்கிறார், எங்கள் வீடு அவர் பெயரில் இருக்கிறது. அதனால் நானாக அப்படிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார் என்றால் நான் எழுதிய பதில் முழுவதும் தலைகீழ். அம்மாவும் வாரிசு. அவர் கையெழுத்து இல்லாமல் முழு வீடும் பிள்ளை பெயருக்கு வராது.

'அம்மா கையெழுத்து வேணுமா' என்ற ஒரே கேள்விக்கு, அப்பா இருந்தால் 'வேண்டாம்', இல்லையென்றால் 'கட்டாயம் வேண்டும்'. கேட்டவரோ அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தன் வீட்டு நிலவரம் தனக்குத் தெரியும்தானே.

அன்று மதியம் முழுக்க அந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில், வார்த்தைகளே ஏதாவது காட்டிக்கொடுக்கின்றனவா என்று பார்த்தோம். இறந்தவர் பெயரில் இன்னும் மாற்றாமல் கிடக்கும் சொத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் பெரும்பாலும் 'அப்பா பேர்லயே இருக்கு' என்பார்கள். அந்த 'யே'யில், 'இத்தனை நாள் ஆகியும் மாத்தலை' என்ற தொனி இருக்கும். இவர் 'அப்பா பேர்ல இருக்கற' என்று எழுதியிருக்கிறார். அப்பா இருப்பதுபோலத்தான் படுகிறது. ஆனால் அடுத்த வரியிலேயே 'தம்பிக்கு ஆட்சேபணை இல்ல' என்கிறார். அப்பா உயிரோடு இருந்து, அவரே எழுதிக் கொடுப்பதாக இருந்தால் தம்பியின் ஆட்சேபணை எதற்கு? அம்மா கையெழுத்தைப் பற்றிய கவலை எதற்கு? முக்கியமாக, அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வார்த்தைகூட இல்லையே?

அக்கா இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார். "தம்பி சம்மதம் சொல்றாங்க, அம்மா கையெழுத்து கேக்கறாங்க. வீட்டுக்காரர் சம்மதம் மட்டும் பேச்சிலேயே வரலை. அவர் இல்லைன்னுதான் எனக்குப் படுது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் அது எங்கள் ஊகம்தான். அப்பா படுக்கையில் இருக்கலாம். மறதி வந்து, முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கலாம். அல்லது அப்பா என்றோ சம்மதித்துவிட்டதால் அதை எழுத வேண்டும் என்றே இவருக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

'மாத்தணும்' என்ற சொல்லிலும் சிக்கல் இருந்தது. நம் வீடுகளில் பத்திரத்தில் உரிமை மாற்றுவதும் 'பேர் மாத்தறது'தான், பட்டாவில் பெயர் மாற்றுவதும் அதுதான், வீட்டுவரி ரசீதிலும் கரன்ட் பில்லிலும் மாற்றுவதும் அதேதான். இவர் கரன்ட் பில்லை மட்டும் கேட்கிறாரோ? 'அம்மா கையெழுத்து', 'எழுதி தரேன்' என்பதையெல்லாம் பார்த்தால் பத்திரத்தைத்தான் கேட்கிறார் என்று முடிவு செய்தோம். ஆனாலும் வரி ரசீதில் பெயர் வந்துவிட்டால் வீடு தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதற்கு ஒரு வரி வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

இப்படி யோசிக்க யோசிக்கக் கிளைகள் முளைத்துக்கொண்டே போயின. வீடு அப்பா சம்பாதித்ததா, தாத்தா வழி வந்ததா? உயில் இருக்கிறதா? அக்கா தங்கை உண்டா? இந்துக் குடும்பமா, கிறிஸ்தவரா, முஸ்லிமா? வீடு தமிழ்நாட்டில்தானா, புதுச்சேரியிலா, பெங்களூரிலா? எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் அது பதில் இல்லை, சட்டப் புத்தகம். கேட்டவர் மூன்றாவது பத்தியில் போனைக் கீழே வைத்துவிடுவார்.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். ஒரு விஷயம் மாறினால் அவர் நாளை காலை செய்ய வேண்டிய முதல் வேலை மாறுமா? மாறும் என்றால் தனிப் பத்தி. மாறாது என்றால் ஒரு வரி. அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதில் முதல் வேலையே மாறிவிடுகிறது. இருந்தால் அப்பாவோடு சார்பதிவாளர் அலுவலகம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம். மதம் மாறினால் பங்குகளின் அளவு மாறும், ஆனால் முதல் வேலை அதேதான். அதற்கு ஒரு வரி போதும். எந்த மாநிலம் என்பதற்கு ஆரம்பத்திலேயே 'வீடு தமிழ்நாட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு' என்று சொல்லிவிடலாம். வேறு மாநிலக்காரர் அங்கேயே தெரிந்துகொள்வார்.

பூர்வீகமா, சுயசம்பாத்தியமா என்பதுதான் கொஞ்சம் இழுத்தது. அதைக் கேட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம். 'எங்க சொத்து' என்றுதான் பலருக்கும் தெரியும். இதற்கு வழக்கறிஞர் ஒரு யோசனை சொன்னார். "பூர்வீகமான்னு கேக்காதீங்க. மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அது கிரயப் பத்திரமா, பாகப்பிரிவினைப் பத்திரமான்னு முதல் பக்கத்துலயே இருக்கும்." எங்களால் கேட்க முடியாததை, அவர் வீட்டு பீரோவிலிருந்தே அவர் பார்த்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து இந்தப் பெட்டிக்குப் பதில் எழுதும்போதெல்லாம், 'உங்கள் நிலவரம் என்ன?' என்று மனதுக்குள் வரும் கேள்வியை, 'இதை எடுத்துப் பாருங்கள்' என்று மாற்ற முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்து, எதை முதலில் எழுதுவது? எங்கள் ஊகத்தில் எது வலுவானதோ அதை முதலில் போடலாம் என்றேன் நான். அக்கா வேறு மாதிரி யோசித்தார். தப்பாகப் படித்தால் எதில் சேதம் அதிகம்? அப்பா இருக்கும் ஒருவர், 'அம்மா கையெழுத்து வேண்டும்' என்று நினைத்துக்கொண்டு அம்மாவையும் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனால் ஒரு ஆட்டோ செலவு, அவ்வளவுதான். அப்பா இல்லாத ஒருவர், 'வேண்டாம்' என்று நினைத்துத் தம்பியிடம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டால், அம்மாவின் பங்கு அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போதோ, வங்கியில் கடன் கேட்கும்போதோ அது கிளம்பும். அதற்குள் அம்மாவும் இல்லை என்றால் அவர் பங்குக்கு யார் யார் வாரிசு என்று இன்னொரு சுற்று. இந்தக் கேள்வியில் எங்கள் ஊகமும் சேதக் கணக்கும் ஒரே பக்கம் சாய்ந்தன. சாயாத நேரங்களில் சேதத்தின் பக்கம்தான் போக வேண்டும் என்பது அக்காவின் கட்சி. இப்போது என்னுடையதும் அதுதான்.

இதில் ஒரு சங்கடம் வேறு. 'அப்பா இறந்துவிட்டார் என்றால்' என்று பதிலின் முதல் வரியில் எழுதினால், அப்பா உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அதைப் படிக்க எப்படி இருக்கும்? அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகிறது என்பவருக்கு எப்படி இருக்கும்? மூன்று, நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம். கடைசியில், உங்கள் கடிதத்திலிருந்து எங்களுக்கு எது தெரியவில்லை என்பதை நேராகச் சொல்லிவிடலாம் என்று முடிவானது.

இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. நாங்கள் போடும் பதிலை யாரும் முழுசாக அனுப்புவதில்லை. ஒரு பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். 'அம்மா கையெழுத்து தேவையில்லை' என்ற வரி தனியாகக் கிளம்பி யார் வீட்டுக்கோ போய்விடும். அதனால் 'மேலே சொன்னபடி', 'முதல் நிலையில்' போன்ற சொற்களை எடுத்துவிட்டோம். நிபந்தனையும் பதிலும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். படிக்கக் கொஞ்சம் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல இருக்கும். இருக்கட்டும்.

கடைசியில் வெளியான பதில் இது.

*

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்திலிருந்து எங்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. அப்பா இப்போது உங்களுடன் இருக்கிறாரா என்பதுதான் அது. அம்மா கையெழுத்து வேண்டுமா என்பதற்கான பதில் அதைப் பொறுத்தே மாறும். அதனால் இரண்டையும் எழுதுகிறோம். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு தமிழ்நாட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

அப்பா காலமாகிவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை என்றால்: அம்மா கையெழுத்து கட்டாயம் வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தன் சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அம்மா, நீங்கள், தம்பி மட்டும்தான் என்றால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. சகோதரி இருந்தால், திருமணமாகியிருந்தாலும் அவருக்கும் சமபங்கு உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களில் பங்கின் அளவு வேறு. ஆனால் அங்கேயும் அம்மா வாரிசுதான்.

அப்பா இல்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, அவருடைய இறப்புச் சான்றிதழை வைத்து இ-சேவை மையம் மூலம் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. பிறகு அம்மா, தம்பி உட்பட மற்ற வாரிசுகள் அனைவரும் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தம்பி 'ஆட்சேபணை இல்லை' என்று வெள்ளைத்தாளிலோ, முத்திரைத்தாளிலோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் முத்திரை வாங்கினாலும், பதிவு செய்யாவிட்டால் அவர் பங்கு உங்களுக்கு மாறாது. அப்பா இல்லாத நிலையில் அம்மா போடும் கையெழுத்து, அந்த வீட்டில் தனக்குள்ள பங்கையே விட்டுக்கொடுக்கும் கையெழுத்து. இதை அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். அம்மா தன் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

அப்பா உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால்: விடுதலைப் பத்திரம் எழுதும் முன் அந்த உயிலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். யாருக்கு என்ன என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அப்பா இருக்கிறார், வீடு அவரே வாங்கியது என்றால்: அப்பாவின் முடிவும் அப்பாவின் கையெழுத்தும்தான் வேண்டும். அப்பா இருக்கும்போது, அவரே வாங்கிய வீட்டுக்கு அம்மா கையெழுத்தோ தம்பியின் சம்மதமோ தேவையில்லை. அப்பா உங்கள் பெயருக்கு தானசெட்டில்மென்ட் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்து தரலாம். ஆனால் தானசெட்டில்மென்ட் பதிவானதும் உரிமை அப்போதே உங்களுக்கு வந்துவிடும், வீடு அப்பாவுடையதாக இருக்காது. தன் காலம் வரை அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 'என் காலத்துக்குப் பிறகு' என்று அப்பா நினைத்தால் அதற்கு உயில்தான் சரி. உயிலை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அப்பா உடல்நலமில்லாமல் நடக்க முடியாத நிலையில் இருந்தால், சார்பதிவாளரை வீட்டுக்கே வரச்சொல்லிப் பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்பாவுக்கு நினைவு தப்பி, என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று புரியாத நிலை என்றால், கைரேகை வாங்கிப் பத்திரம் போடாதீர்கள். அது செல்லாது.

வீடு அப்பா வாங்கியதா என்று தெரியவில்லை என்றால்: மூலப்பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். அப்பா பெயரில் கிரயப் பத்திரம் என்று இருந்தால் பெரும்பாலும் அவர் வாங்கியது. பாகப்பிரிவினைப் பத்திரம் என்று இருந்தால் தாத்தா வழி வந்திருக்கலாம், அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் எந்தப் பத்திரமும் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

செலவு: குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் இரண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் மாற்றிய விகிதம் இது. அரசின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். உதாரணமாக வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் என்றால், தானசெட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 30,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக 40,000 ரூபாய். விடுதலைப் பத்திரத்துக்கு, விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பத்திரம் எழுதுகிறவர் கூலி தனி. போகும் முன் உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டா, வீட்டுவரி, கரன்ட் பில் ஆகியவற்றில் மட்டும் பெயர் மாற்றினால் வீடு உங்களுடையதாகாது. பத்திரம் பதிவான பிறகு அந்தப் பத்திரத்தைக் காட்டி இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

*

போட்ட பிறகு என் வாக்கியங்கள் சிலவற்றைப் பார்க்க எனக்கே உறுத்தியது. ஒவ்வொன்றிலும் 'அப்பா இருந்தால்', 'அப்பா இல்லை என்றால்'. கல்லூரியில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த வாரமே என் சித்தி ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டார். தானசெட்டில்மென்ட் பத்தியில் பாதி. நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. மேலே, கீழே எதுவும் இல்லை. ஆனாலும் 'அப்பா இருக்கும்போது, அவரே வாங்கிய வீட்டுக்கு' என்ற சொற்கள் அந்தத் துண்டிலும் இருந்தன.

எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வீட்டின் மேல் கடன் இருந்து மூலப்பத்திரம் வங்கியில் இருந்தால், 'பீரோவைத் திறந்து பாருங்கள்' என்ற யோசனையே உதவாது. இதைப் பதில் வந்த மறுநாள்தான் யோசித்தேன். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பதிவான பத்திரங்கள் எந்த வகை என்பது அதிலேயே தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்த வரியைப் பிறகு பதிலில் சேர்த்துவிட்டோம்.

கேட்டவர் பதிலைப் பார்த்தாரா என்று தெரியாது. பதினைந்து நாள் கழித்துப் பெட்டியில் இப்படி ஒன்று வந்தது.

'அக்கா சிங்கப்பூர்ல இருக்காங்க. அவங்களும் கையெழுத்து போடணுமா. நேர்ல வரணுமா.'

அவரேதானா? தம்பி இருக்கிறான் என்று மட்டும் எழுதியவர், பதிலைப் படித்த பிறகு அக்காவை நினைத்துக்கொண்டாரா? அல்லது அதே பதிலைப் படித்த வேறு யாரோ ஒருவரா? இதிலும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்காவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "எழுது" என்றார்.

அப்பா காலமாகி, உயில் இல்லை என்றால் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் கையெழுத்தும் வேண்டும். அவர் நேரில் வர முடியாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், இங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு, இந்த வீட்டின் விடுதலைப் பத்திரத்துக்கு மட்டும் என்று குறிப்பிட்டு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அந்த நம்பிக்கையான ஒருவர் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. அப்பா இருக்கிறார், அவரே வாங்கிய வீடு என்றால், அக்கா வரவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.